"90 வீதம் முடிந்தது" என்பதற்குப் பதிலாக என்ன சொல்லலாம்?

காலி வீதியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டு ஒருவருக்குப் போன் போட்டால் "வந்துகொண்டே இருக்கிறேன், பம்பலப்பிட்டி தாண்டிவிட்டேன்" என்பார். பின்னால் வீட்டுக் குக்கர் விசில் கேட்கும். மென்பொருள் வேலையில் அதே பதிலுக்கு ஒரு எண் இருக்கிறது. "90 வீதம் முடிந்தது அண்ணா." ஒரு வித்தியாசம் மட்டும் சொல்ல வேண்டும். தான் பொய் சொல்வது போனில் பதில் சொன்னவருக்கே தெரியும், 90 வீதம் சொல்கிறவர் பெரும்பாலும் உண்மை என்று நம்பியே சொல்கிறார்.

வெள்ளவத்தையில் ஐந்து பேர் கொண்ட சின்ன அணி எங்களுடையது. இந்த 90 எங்களைக் கவிழ்த்த ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, வேலை எவ்வளவு ஆனது என்று சொல்ல இருக்கிற வழிகளை அதன்மேல் வைத்துப் பார்க்கப் போகிறேன். எதைத் தேர்ந்தோம், ஏன் என்பதும் அதிலேயே வரும்.

வேலை இதுதான். புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரி, 62 ஊழியர்கள், சம்பளம் முழுக்க எக்செல்லில். அதை மென்பொருளாக்க வேண்டும். மார்ச் முதல் வாரம் தொடங்கி 20 வேலை நாள் என்று கணக்குப் போட்டோம். புத்தாண்டுக்கு முன்னால், பண்டிகை முற்பணத்தோடு சேர்த்து, ஏப்ரல் சம்பளத்தைப் புது மென்பொருளில் போடுவதாகப் பேச்சு. 14ஆவது நாள் மாலை கேட்டபோது நிரல் எழுதிய தம்பி 90 வீதம் என்றார். திரையைக் காட்டினார், எல்லாம் அழகாக ஓடியது. நான் அதையே வியாபாரிக்கு வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டேன். 18ஆவது நாள் 92, 20ஆவது நாள் 95, 25ஆவது நாளும் 95. புத்தாண்டுச் சம்பளத்தைக் கணக்காளர் அம்மா பழைய எக்செல்லிலேயே இரவிருந்து போட்டார். ஊருக்குப் போனவர்கள் எல்லோரும் திரும்பிய பிறகுதான், 33ஆவது வேலை நாளில், எங்கள் வேலை முடிந்தது.

இதில் யாரும் சோம்பேறி இல்லை, யாரும் பொய் சொல்லவும் இல்லை. அப்படியானால் 90 எங்கிருந்து வந்தது?

அந்தத் தம்பியோடு பிறகு ஒரு தேநீருக்கு உட்கார்ந்து கேட்டேன். எழுதவேண்டிய திரைகளை எண்ணினாராம், கிட்டத்தட்ட எல்லாம் எழுதியாகிவிட்டது, "இனி சின்னச் சின்ன வேலைகள்தான், ரெண்டு நாள்" என்று தோன்றியதாம். அவர் மனதுக்குள் போட்ட வகுத்தல் கணக்கில் மேலே இருந்தது அவர் கண்ணுக்கு முடிந்ததாகத் தெரிந்த வேலை. கீழே இருந்தது அவருக்குத் தெரிந்த மொத்த வேலை. தெரியாத வேலை கீழே சேரவே இல்லை, சேரவும் முடியாது, ஏனென்றால் அது இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. வீதம் கேட்கும் எவருக்கும் சரியான கணக்கு ஒன்றுதான்: ஆன நாளை, ஆன நாளும் மீதி நாளும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். நடந்து முடிந்ததை வைத்துப் பார்த்தால் அன்று ஆன நாள் 14, மீதி 19. அதாவது 33இல் 14, வெறும் 42 வீதம். ஆன நாளை எல்லோரும் சரியாகவே எண்ணுகிறோம், வழுக்குவது மீதி நாளில். அதைக் கேட்காமல் வீதத்தைக் கேட்டால், மீதியைப் பற்றிய ஊகம் அந்த எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது, வெளியில் இருந்து பார்க்கிறவருக்குத் தெரிவதில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. ஐபிஎம் சிஸ்டம்/360இன் இயங்குதள வேலையை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் 1975லேயே எழுதிவிட்டார்: நிரல் எழுதும் மொத்தக் காலத்தில் பாதிக்கு அது "90 வீதம் முடிந்த" நிலையிலேயே இருக்கும் என்று. பெல் லேப்ஸின் டாம் கார்கில் சொன்னதாக 1985 முதல் ஒரு பகிடியும் சுற்றுகிறது: முதல் 90 வீத நிரலுக்கு 90 வீத நேரம் போகும், மிச்சம் 10 வீதத்துக்கு இன்னொரு 90 வீத நேரம் போகும். 14உம் 33உம் பார்த்த பிறகு எனக்கு அது பகிடியாகத் தெரியவில்லை.

சரி, அந்த 19 நாள் எங்கே போனது? இதைச் சொல்லாமல் வழிகளை ஒப்பிட்டுப் பயனில்லை.

ஐந்து நாள் ஒரு வகுத்தலில் போனது. ஊழியர் ஒருவர் சம்பளமில்லாமல் இரண்டு நாள் லீவு போட்டால் எவ்வளவு வெட்டுவது? 60,000 ரூபாய் சம்பளத்தை 30ஆல் வகுத்தால் இரண்டு நாளுக்கு 4,000. 26ஆல் வகுத்தால் 4,615.38. எங்கள் நிரல் எல்லோருக்கும் 30 போட்டிருந்தது. கடை ஆட்களுக்கு 26, அலுவலக ஆட்களுக்கு 30 என்று கணக்காளர் அம்மா பத்து வருடமாகப் போட்டு வருகிறார், அது எக்செல்லில் எங்கும் எழுதியிருக்கவில்லை, அவர் தலைக்குள் இருந்தது. அங்கே மாறினால் அதோடு நிற்காது. ஈபிஎஃப்புக்கு ஊழியர் பங்கு 8 வீதம், முதலாளி பங்கு 12, ஈடிஎஃப் 3, எல்லாம் வெட்டிய பிறகு வருகிற தொகையின்மேல்தான். அந்த ஊழியரின் 8 வீதம் ஒரு கணக்கில் 4,480, மற்றதில் 4,430.77. மாதத்தின் நடுவில் சேர்ந்தவர்களுக்கும் இதே கதை.

நான்கு நாள் வங்கிக்குக் காத்திருந்தது. சம்பளத்தை மொத்தமாகக் கணக்குகளில் போட ஒரு கோவை அனுப்பவேண்டும். எங்கள் பக்கம் ஒரு நாள் வேலை, அது 12ஆவது நாளே "முடிந்தது". ஆனால் வங்கி அதைத் திருப்பி அனுப்பியது. கணக்கு இலக்கங்களின் முன்னால் இருந்த பூச்சியங்களை எக்செல் எப்போதோ தின்றுவிட்டிருந்தது. திருத்துவதற்கு ஒரு மணித்தியாலம், பதில் வருவதற்கு மிச்ச நாட்கள்.

மூன்று நாள் பாமினியில். இலங்கையில் பழைய தமிழ் ஆவணம் எதைத் தொட்டாலும் இந்தப் பேய் வரும். ஊழியர் பெயர்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டவை. பார்ப்பதற்கு "தமிழ்", உள்ளே இருப்பது `jkpo;`. யுனிகோடுக்கு மாற்றும் கருவிகள் ஏராளம், அது கஷ்டமில்லை. கஷ்டம் என்னவென்றால் எக்செல்லின் அதே நெடுவரிசையில் சில பெயர்கள் உண்மையாகவே ஆங்கிலத்தில் இருந்தன. எந்தக் கட்டத்தில் எந்த எழுத்துரு என்று பார்க்காமல் மாற்றினால் ஆங்கிலப் பெயர் விசித்திரத் தமிழாகிவிடும். எங்கள் பட்டியலில் "பழைய தரவை ஏற்றுதல், ஒரு நாள்" என்று ஒரே வரியாக நின்றது இதுதான்.

இன்னும் ஐந்து நாள், பழைய மூன்று மாதச் சம்பளத்தைப் புதிதில் போட்டு ஆளுக்கு ஆள் ஒப்பிட. கடைசி இரண்டு நாள் பழக்கிவிட. இவை இரண்டும் முன்கூட்டித் தெரிந்த வேலைகள், அவற்றிலும் முதலாவதுக்கு இரண்டே நாள் ஒதுக்கியிருந்தோம்.

இனி வழிகள். வேலையை நாங்கள் பிறகு 12 துண்டாகப் பிரித்து, 14ஆவது நாளுக்குத் திரும்பிப் போய், ஒவ்வொரு முறையும் அன்று என்ன சொல்லியிருக்கும் என்று போட்டுப் பார்த்தோம்.

உணர்ந்து சொல்லும் வீதம். அன்று சொன்னது 90, உண்மை 42. இதைப் பற்றி இனிச் சொல்ல ஒன்றுமில்லை, ஒரே ஒரு நியாயம் தவிர: ஒரு நாளில் முடிகிற வேலைக்கு இது போதும். "பாதி எழுதிவிட்டேன், பின்னேரம் தருகிறேன்" என்றால் யாருக்கும் நட்டமில்லை.

பாதிக்குப் பாதி. தொடங்கினால் 50, முடிந்தால் மீதி 50. பெரிய ஒப்பந்த வேலைகளில் பயன்படுத்துகிறார்கள். எங்கள் கணக்கில் அன்று 52 வரும். 42க்கு மிக அருகில் என்று சந்தோஷப்படவேண்டாம். தொடங்கிய உடனே பாதி மதிப்பு கிடைக்கும் என்றால் எல்லாரும் எல்லாவற்றையும் தொடங்கிவிடுவார்கள், திங்கட்கிழமை 12 துண்டையும் திறந்து வைத்தால் செவ்வாய்க்கிழமையே 50 வீதம். எண் சரியாக விழுந்தது தற்செயல்.

எடை போட்ட கட்டங்கள். வடிவமைப்புக்கு 15, எழுதியதற்கு 40, சோதித்ததற்கு 25 என்கிற மாதிரி முன்னமே பிரித்து வைப்பது. இதே சம்பள வேலையை ஆறாவது வாடிக்கையாளருக்குச் செய்தால் நல்லது, ஏனென்றால் எடைகள் அனுபவத்திலிருந்து வரும். முதல் தடவை செய்கிறவருக்கு அந்த எடைகளும் ஊகம்தான், ஊகத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து அட்டவணை போட்டால் அது அறிவாகிவிடாது.

பூச்சியம் அல்லது நூறு. முடிந்த துண்டுக்கு முழு மதிப்பு, முடியாததற்கு ஒன்றுமே இல்லை. அன்று உண்மையாக முடிந்திருந்தவை மூன்று துண்டு: ஊழியர் விவரம், வேலைக்கு வந்த நாட்களின் வரவுப் பதிவு, முற்பணமும் கடனும். 20 நாள் கணக்கில் 6 நாள் பெறுமதி, 30 வீதம். இதுவும் பிழையான எண்தான், 12 புள்ளி குறைவு. ஆனால் தம்பியின் 90 வழுக்கியது 48 புள்ளி, அதுவும் ஆபத்தான பக்கம். 14ஆவது நாள் 30 வீதம் என்று சொல்லியிருந்தால் வியாபாரி அன்றே போன் எடுத்திருப்பார், எங்களுக்கு வெட்கமாக இருந்திருக்கும், கணக்காளர் அம்மாவுக்கு இரவிருக்க வேண்டி வந்திருக்காது.

இந்த முறைக்கு மூன்று நிபந்தனை உண்டு, மூன்றும் நாங்கள் அடிபட்டுத் தெரிந்துகொண்டவை. துண்டு சிறிதாக இருக்கவேண்டும். இரண்டு நாளுக்கு மேல் போனால் பிரித்துவிடுகிறோம், இல்லாவிட்டால் இரண்டு வாரம் பூச்சியத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோருக்கும் பதற்றம்தான் மிஞ்சும். அடுத்தது, "முடிந்தது" என்றால் என்ன என்பதைத் தொடங்குவதற்கு முன்னால் ஒரு வசனத்தில் எழுதி வைக்கவேண்டும், அந்த வசனத்தில் நிரலை எழுதியவர் அல்லாத ஒருவர் இருக்கவேண்டும். வங்கிக் கோவைக்கு இப்போது எங்கள் வசனம்: "வங்கி ஏற்றுக்கொண்டதாக மின்னஞ்சல் வந்தது." கோவை உருவானது என்பது கணக்கில் சேராது. சம்பளக் கணக்குக்கு: "பெப்ரவரி மாதத்தின் 62 பேருக்கும் எக்செல்லின் கையில் வரும் தொகையோடு சதம் பிசகாமல் ஒத்துவந்ததைக் கணக்காளர் பார்த்தார்." இந்த வசனத்தை முதல் நாளே எழுத முயன்றிருந்தால் 26ஆ 30ஆ என்ற கேள்வி முதல் வாரமே வெளியில் வந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

மூன்றாவது நிபந்தனை எனக்கு மிகப் பிந்தித்தான் விளங்கியது. துண்டுகளை எண்ணும்போதும் 90 வீதம் பின்கதவால் வந்துவிடும். லேசான ஒன்பதை முதலில் முடித்துவிட்டு "12இல் 9" என்று சொன்னால் எண்ணில் பொய் இல்லை, ஆனால் மிஞ்சியிருப்பது வங்கி, பாமினி, மூன்று மாத ஒப்பீடு. ஆகவே வெளியாட்களின் பதில் தேவைப்படும் துண்டுகளும் யாருக்கும் பழக்கமில்லாத துண்டுகளும் முதலில் போகவேண்டும். இப்போது வங்கிக்கு இரண்டு பொய்க் கணக்கு வரிகள் உள்ள மாதிரிக் கோவை ஒன்றை இரண்டாம் நாளே அனுப்பிவிடுகிறோம். அதற்கு மற்ற எதுவும் முடிந்திருக்கத் தேவையில்லை.

மீதி நாள். ஐந்தாவது வழி வீதத்தையே விட்டுவிடுகிறது. ஒவ்வொரு நாள் மாலையும் ஒரே கேள்வி: "இன்னும் எத்தனை நாள்?" 14ஆவது நாள் தம்பியிடம் மொத்தமாகக் கேட்டிருந்தால் "ரெண்டு" என்றிருப்பார், அதில் 90இல் இருந்த அதே குறைதான். துண்டு துண்டாகக் கேட்டால்? பிறகு அவரை அந்த நாளுக்கு மனதால் திரும்பிப்போய்ச் சொல்லச் சொன்னேன், ஒன்பது வந்தது. 19க்கு அது பாதிகூட இல்லை. ஆக இந்த முறையும் முதல் நாளே உண்மையைச் சொல்லிவிடாது. இதன் பலம், அடுத்த நாளும் கேட்கலாம் என்பதில் இருக்கிறது.

அதே வாடிக்கையாளருக்குப் பிறகு செய்த சேவைக்காலப் பணிக்கொடைக் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி 15 பேரோ கூடவோ வேலை செய்யும் இடத்தில், ஐந்து வருடம் முடித்து விலகும் மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்று கணக்கு. கேட்க எளிது, எட்டு நாள் என்றோம். ஒவ்வொரு மாலையும் தம்பி சொன்ன மீதி இப்படிப் போனது: 7, 6, 6, 8, 7, 6, 4, 3, 2, 1, 0. மூன்றாம் நாள் இறங்கவில்லை, நான்காம் நாள் ஏறியது. சிலர் நடுவில் விலகி மறுபடி சேர்ந்தவர்கள், சேர்ந்த திகதிகள் கையெழுத்துப் புத்தகம் ஒன்றில் கிடந்தன, அது அன்றுதான் தெரிந்தது. நான்காம் நாள் மாலையே வியாபாரிக்கு "எட்டு இல்லை, பன்னிரண்டு ஆகலாம், காரணம் இது" என்று அனுப்பினேன். பதினொன்றில் முடிந்தது. முந்தைய வேலையில் இதே மாதிரிச் செய்தி அவருக்குப் போனது 26ஆவது நாள்.

மீதி நாள் கேட்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு அடையாளம் உண்டு. மீதி ஒவ்வொரு நாளும் சரியாக ஒன்று குறைந்தால், எட்டு, ஏழு, ஆறு, ஐந்து என்று, அவர் வேலையைப் பார்க்கவில்லை, நேற்றைய எண்ணிலிருந்து ஒன்றைக் கழிக்கிறார். உண்மையான மீதி அசிங்கமாகத்தான் இறங்கும். அதனால் நான் நேற்றைய எண்ணைக் காட்டுவதில்லை, மீதமுள்ள துண்டுகளின் பெயரை ஒவ்வொன்றாக வாசித்துக் கேட்கிறேன். ஏறினால் "ஏன் ஏறியது?" என்று முகம் சுளிக்காமல் இருக்கவும் பழகவேண்டியிருந்தது. இது நான் இன்னும் முழுதாகத் தேறாத பாடம், ஏனென்றால் எண் ஏறும்போது முதலில் வருவது கோபம்தான், அந்தக் கோபத்தை இரண்டு தடவை பார்த்த தம்பி மூன்றாம் தடவை கழித்தல் கணக்குச் செய்வார். ஒரு எண் மூன்று நாளாக அசையாமல் நின்றால் அதைத்தான் உட்கார்ந்து பேசவேண்டும். பெரும்பாலும் யாரோ ஒருவரின் பதிலுக்காகக் காத்துக்கொண்டு, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு இருப்பார்கள்.

கடைசியில் நாங்கள் தேர்ந்தது இரண்டின் கலவை. முடிந்தவற்றுக்குப் பூச்சியம் அல்லது நூறு, முடியாதவற்றுக்கு மீதி நாள். இரண்டு எண்ணையும் ஒன்றாக்கி ஒரு வீதம் செய்வதில்லை. 12 துண்டுக்கும் குறைவான வேலை என்றால் இவ்வளவும் தேவையில்லை, மீதி நாள் மட்டும் போதும். கட்டணத்தை வேலையின் அளவுக்கேற்பத் தவணையாக வாங்கும் ஒப்பந்தம் என்றால் மறுபக்கம்: மீதி நாளைக் காட்டிப் பணம் கேட்க முடியாது, முடிந்த துண்டைக் காட்டித்தான் கேட்கலாம், அங்கே பூச்சியம்-நூறு முறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வியாபாரிக்கு இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகும் செய்தி இந்த மாதிரி இருக்கும்:

"12இல் 7 முடிந்தது, ஏழையும் உங்கள் கணக்காளர் பார்த்துவிட்டார். மீதிக்கு 6 முதல் 9 நாள். போன வெள்ளி 8 என்றோம், மாத நடுவில் சேர்ந்தவர்களின் கணக்கால் கூடியது. வங்கியின் பதில் செவ்வாய்க்கிழமைக்குள் வந்தால் 6, வராவிட்டால் 9. பெப்ரவரிப் பட்டியலில் உள்ள 4 பேரின் வரவு இன்னும் உங்களிடமிருந்து வரவேண்டும்."

இந்தச் செய்தியை அனுப்பியபோது அவர் உடனே போன் எடுத்தார். "தம்பி, இதெல்லாம் சரி, மொத்தத்தில் எத்தனை வீதம்?" என்று கேட்டார். வீதம் இல்லை ஐயா, பன்னிரண்டில் ஏழு என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை, கால்குலேட்டர் தட்டுகிற சத்தம் கேட்டது. "அப்ப அறுபதுகூட இல்லையே" என்றார். "இல்லை ஐயா." "சரி, அந்த நாலு பேரின் வரவை நாளைக் காலையே அனுப்பச் சொல்கிறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார்.